ஐந்து கட்டத்தில் ஒரு பிராம்ப்ட்: இன்டீரியர் ஸ்டூடியோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கம் வீட்டு எலிவேஷனும் உட்புற வடிவமைப்பும் செய்து தரும் சின்ன ஸ்டூடியோக்கள் இப்போது வாடிக்கையாளருக்குக் காட்டும் முதல் படத்தை ஏஐ-யில் எடுக்கின்றன. ஏஐ-க்கு எழுதிக் கொடுக்கும் வாசகமான பிராம்ப்ட்டைப் பொருள், மெட்டீரியல், வெளிச்சம், கேமரா, மூட் என்று ஐந்து கட்டமாகப் பிரிக்கும் டெம்ப்ளேட்டைப் பற்றி அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. எல்லாப் பதிலுக்கும் ஒரே சமையலறையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

டெம்ப்ளேட் எதுக்குங்க? வேணும்கிறத ஒரு பத்தியா எழுதிப் போட்டாலே படம் வருதே?

ஒரு படத்துக்கு அது போதும். பிரச்சினை இரண்டாவது படத்தில் வரும். வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இப்படியே இருக்கட்டும், கல்லை மட்டும் கருப்பா மாத்திக் காட்டுங்க" என்பார். பத்தியாக எழுதியிருந்தால் கல்லைப் பற்றிய சொற்கள் வெளிச்சத்தோடும் அலமாரியோடும் பின்னிக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் நாலு மாறும். கட்டம் பிரித்திருந்தால் மெட்டீரியல் கட்டத்தில் மூன்று சொல்லை மாற்றினால் போதும், மற்ற நாலும் எழுத்து மாறாமல் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஸ்டூடியோவில் மூன்று பேர் படம் எடுத்தால் மூன்றும் மூன்று கடையில் எடுத்தது போலத் தெரியக்கூடாது. கேமராவும் மூடும் எல்லா வேலைக்கும் ஒன்றாக இருந்தால் படங்கள் ஒரே கையில் வந்தவையாகத் தெரியும்.

ஒவ்வொரு கட்டத்துலயும் சரியா என்ன எழுதணும்? ஒண்ணு காட்டுங்களேன்.

காவேரிப்பட்டணம் சாலையில் கட்டும் ஒரு வீட்டின் சமையலறை என்று வைத்துக்கொள்வோம். எல் வடிவ மேடை. இடப்பக்கச் சுவரில் சிங்க்குக்கு மேலே ஒரே ஜன்னல். மேடைக்கு நம் மாவட்டத்துப் பாரடைசோ கிரானைட், அலமாரிக் கதவுக்கு வெள்ளை லேமினேட், தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ்.

```
SUBJECT: compact L-shaped kitchen in a South Indian home,
  one window above the sink on the left wall
MATERIALS: counter top in polished purple-grey granite
  with wavy pinkish bands, cabinet doors in matte
  off-white laminate, floor in plain beige matte tiles
LIGHT: low morning sun through the window,
  long soft shadows on the counter, rest in gentle shade
CAMERA: interior photograph from the doorway, eye level,
  24mm lens, straight vertical lines
MOOD: quiet, lived-in
```

பொருள் கட்டத்தில் அந்த இடம் என்ன, எது எங்கே இருக்கிறது என்பது மட்டும். மெட்டீரியலில் எந்தப் பாகம் எந்தப் பொருளால் ஆனது, மேற்பரப்பு எப்படி என்பது. வெளிச்சத்தில் அது எதன் வழியாக வருகிறது, எவ்வளவு சாய்வு, நிழல் கூர்மையா மென்மையா என்பது. கேமராவில் எங்கே நின்று, எந்த உயரத்தில், எந்த லென்ஸில் என்பது. மூடுக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்லயே எழுதினா ஆகாதா?

சில புதிய கருவிகள் தமிழைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் படம் வரையும் மாடல்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் படக்குறிப்புகளை வைத்தே பழக்கப்பட்டவை. மேற்பரப்பு, லென்ஸ் போன்ற நுணுக்கங்கள் தமிழில் எழுதினால் அப்படியே போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. கட்டங்களை நிரப்பும் ஷீட்டில் தலைப்பும் தேர்வுப் பட்டியலும் தமிழில் இருக்கட்டும், மாடலுக்குப் போய்ச் சேரும் வாசகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் தெரியாத உதவியாளர் கூட "காலை வெயில்" என்று தேர்ந்தெடுத்து வேலையை முடிக்கலாம்.

மெட்டீரியல்ல "பாரடைசோ"ன்னு பேரு போட்டா மாடலுக்குத் தெரியாதா? நம்ம ஊரு கல்லுதானே?

கல் நம் ஊருடையதுதான், உலகமெல்லாம் போகிறதும் உண்மை. ஆனாலும் வணிகப் பெயரை நம்பாதீர்கள். மாடலுக்கு அந்தப் பெயரோடு என்னென்ன படம் ஒட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பெயருக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்: அடிநிறம், கோடா புள்ளியா, கோடென்றால் நேரா வளைவா, மேற்பரப்பு பாலிஷா லெதரா ஃபிளேம்டா. மேலே கொடுத்த உதாரணத்தில் ஊதா கலந்த சாம்பல், இளஞ்சிவப்பு அலைக் கோடு என்று எழுதியது அதனால்தான்.

மேற்பரப்பை விட்டுவிடாதீர்கள், இந்தக் கட்டத்தில் அதிகம் மறக்கப்படுவது அதுதான். வெறும் கிரானைட் என்று எழுதினால் பெரும்பாலும் கண்ணாடி போல மின்னும் பாலிஷ்தான் வரும். வாசப்படிக்கும் போர்ட்டிகோவுக்கும் வழுக்காமலிருக்க ஃபிளேம்டு போடப்போகிறீர்கள் என்றால், படத்தில் மின்னும் தரையைக் காட்டிவிட்டுப் பிறகு சொரசொரப்பான கல்லை இறக்கினால் வீட்டுக்காரர் கேட்கத்தான் செய்வார். ஃபிளேம்டு என்ற சொல் தொழிலுக்குள் புழங்குவது. அதோடு `rough, non-reflective surface` என்று விளைவையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு பொருளோட கலர் இன்னொண்ணுல ஒட்டிக்குது. சிவப்பு ஆக்சைடு தரைன்னு போட்டா சுவரும் செவக்குது. என்ன பண்றது?

நிறம் கசிவது இந்த மாடல்களின் பழைய குணம். வாக்கியத்தில் நிறச்சொல் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்பதை அவை எப்போதும் சரியாகப் பிடிப்பதில்லை. அதைக் குறைக்க மூன்று வழி உண்டு. முதலாவது, பாகத்தை முன்னால் சொல்லி உடனே அதன் பொருளைச் சொல்லுங்கள். உதாரணத்தில் மேடை, கதவு, தரை என்று மூன்று துண்டும் அப்படித்தான் இருக்கின்றன. நிறங்களை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிட்டுப் பொருள்களைப் பின்னால் அடுக்கினால் கசிவு நிச்சயம்.

இரண்டாவது, கசிகிற பக்கத்துக்கும் ஒரு நிறம் கொடுங்கள். சுவரைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டதால்தான் அது தரையின் சிவப்பை வாங்கிக்கொள்கிறது. `walls in plain white lime wash` என்று ஒரு துண்டு சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும். மூன்றாவது, பொருள்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு படத்துக்கு நாலு மெட்டீரியலுக்கு மேல் போனால் எதையாவது ஒன்றை மாடல் கலந்துவிடும் அல்லது விட்டுவிடும். பெரிய பரப்பாகத் தெரிபவற்றை மட்டும் எழுதுங்கள். கைப்பிடியும் குழாயும் அடுத்த படத்துக்குப் போகட்டும்.

வெளிச்சத்துல "கிழக்கு ஜன்னல்"னு போட்டேன், வெயிலு எங்கிருந்தோ வருது.

மாடலுக்குத் திசை தெரியாது. அதற்குப் படத்தின் இடம், வலம், முன், பின் மட்டுமே உண்டு. கிழக்கு ஜன்னலில் காலை ஏழு மணி என்பதை நீங்களே மொழிபெயர்த்துத் தர வேண்டும்: ஜன்னல் படத்தில் எந்தப் பக்கம், வெயில் தாழ்வா உயரமா, நிழல் நீளமா குட்டையா. காலை ஏழு மணி என்றால் தாழ்ந்த வெயில், நீண்ட நிழல். மதியம் என்றால் ஜன்னலோரத்தில் மட்டும் சின்னத் துண்டு வெயில்.

எலிவேஷன் படத்தில் இது இன்னும் முக்கியம். கிருஷ்ணகிரி சுமார் 12.5 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் மார்கழி மத்தியானத்தில் நேர் வெயில் விழவே விழாது. பொங்கலுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவருக்கு முகப்பெல்லாம் வெயில் பளபளக்கும் படத்தைக் கொடுத்தால், அவர் அன்றைக்கு நிழலில் நிற்கிற வீட்டைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்ட வேலைக்கு மென்மையான திறந்த நிழல் என்ற வாசகத்தை எடுங்கள்: `facade in open shade, bright sky, soft even light`.

எத்தனை வகை வெளிச்சம் வச்சுக்கலாம்?

நாலு போதும்: காலை வெயில், மேகமூட்டம், திறந்த நிழல், இரவு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் சோதித்துப் பார்த்த ஒரே வாசகத்தை எழுதி வைத்துவிட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள். ஆளுக்கொரு வாசகம் எழுத விட்டால் முதல் பதிலில் சொன்ன ஒற்றுமை போய்விடும்.

இரவு விளக்கில் ஒரு எச்சரிக்கை. உட்புறப் படங்களில் மாடல்கள் மஞ்சள் கலந்த விளக்கொளியையே விரும்பும், ஏறக்குறைய 3000 கெல்வின் பல்பு போல. நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது 6500 கெல்வின் வெள்ளை டியூப். மஞ்சள் ஒளியில் ஊதா சாம்பல் கல் பழுப்பாகத் தெரியும், வெள்ளை டியூப்பில் அதே கல் நீலம் கலந்து நிற்கும். வீட்டுக்காரர் எந்த விளக்கு போடப்போகிறார் என்று கேட்டுவிட்டு `warm white` அல்லது `cool white` என்று எழுதுங்கள். கெல்வின் எண்ணை எழுதினாலும் மாடல் அதைக் கணக்கிடுவதில்லை, ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

கேமராவுல 24 எம்எம்னு போட்டா நிஜமாவே 24 எம்எம் லென்ஸ் மாதிரி வருமா?

தோராயமாக. அந்த எண்ணோடு சேர்ந்து வந்த படங்களின் தோற்றத்தை மாடல் பிடித்துக்கொள்கிறது, ஒளியியல் கணக்கு எதுவும் போடுவதில்லை. 24 என்றால் அகலமாக, அறை முழுதும் தெரியும்படி. 50 என்றால் நெருக்கமாக, மேடையின் ஒரு மூலை. 16, 18 என்று கீழே போனால் பத்துக்குப் பத்து சமையலறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். அந்தப் படத்தை நம்பி வாடிக்கையாளர் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டால் வம்பு. அறைக்கு 24-க்குக் கீழே போவதில்லை என்று டெம்ப்ளேட்டிலேயே பூட்டிவிடுங்கள்.

செங்குத்துக் கோடுகள் நேராக என்ற சொல் சின்னதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் அலமாரியும் கதவுச் சட்டமும் உள்நோக்கிச் சாய்ந்து வரும். கட்டட வேலை தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும்.

மூட் கட்டம் ஏன் கடைசியில, ஏன் இத்தனை சின்னதா?

மூட் சொல் மற்ற கட்டங்களுக்குள் கை நீட்டும். ஆடம்பரம் என்று எழுதுங்கள், நீங்கள் கேட்காத தங்க நிறக் கைப்பிடியும் இத்தாலிய மார்பிளும் வந்து நிற்கும். பாரம்பரியம் என்று எழுதினால் வெள்ளை லேமினேட் கதவு தேக்காக மாறும். மெட்டீரியலை நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், அதை மூட் குலைக்கக்கூடாது. அதனால் பொருளைச் சுட்டாத சொற்களை மட்டும் வைக்கிறோம்: அமைதி, புழக்கத்தில் இருக்கும் வீடு, பரபரப்பு. உண்மையில் ஒரு படத்தின் மூடில் பெரும்பகுதியை வெளிச்சக் கட்டமே செய்துவிடுகிறது. மூடைக் காலியாக விட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் நீங்கள் நினைத்ததை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் ஷீட்ல எப்படி சேர்க்கறது? கோடிங் தெரியாதுங்க.

கோடிங் தேவையில்லை. ஒரு வரிசை ஒரு படம். ஏ-யில் வேலையின் பெயர், பி முதல் எஃப் வரை ஐந்து கட்டம். List என்ற இன்னொரு தாளில் ஏ-யில் தேர்வின் தமிழ்ப் பெயர், பி-யில் அதற்கான ஆங்கில வாசகம். முதல் தாளின் ஜி-யில் இந்த ஃபார்முலா:

```
=IF(COUNTBLANK(B2:F2)>0, "காலிக் கட்டம்!", TEXTJOIN(". ", TRUE, B2:C2, VLOOKUP(D2, List!A:B, 2, FALSE), VLOOKUP(E2, List!A:B, 2, FALSE), VLOOKUP(F2, List!A:B, 2, FALSE)))
```

முன்பாதி வேண்டுமென்றே வைத்தது. ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் பிராம்ப்ட் வராது, எச்சரிக்கை வரும். காலியாக விட்ட கட்டத்தை மாடல் தன் இஷ்டத்துக்கு நிரப்பும், படமும் அழகாகவே வரும். அதனால்தான் தவறு கண்ணில் படாமல் போகிறது. மூட் இல்லாமல் சோதிக்க வேண்டுமானால் அந்தப் படத்துக்கு மட்டும் பிராம்ப்ட்டைக் கையால் வெட்டுங்கள். வெளிச்சம், கேமரா, மூட் மூன்று நெடுவரிசைக்கும் தேர்வுப் பட்டியல் போட்டுப் பூட்டிவிட்டால் கையால் எழுதுவது பொருளும் மெட்டீரியலும் மட்டும்தான்.

கடைசிக் கட்டத்துல எழுதினது சில சமயம் வேலையே செய்யலையே?

பிராம்ப்ட் நீளமாகிவிட்டதா பாருங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல்கள் எழுத்தைப் படிக்கும் பகுதியின் எல்லை 77 டோக்கன். தொடக்கம், முடிவுக் குறிகள் போக 75. டோக்கன் என்பது ஏறக்குறைய ஒரு ஆங்கிலச் சொல், நீளமான சொல் இரண்டு மூன்றாக உடையும். காற்புள்ளியும் ஒரு டோக்கன் என்பதால் மேலே கொடுத்த சமையலறை வாசகம் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிடுகிறது, அதன் வால் வெட்டுப்படும். வால் என்றால் நம் வரிசையில் மூடும் கேமராவின் பெரும்பகுதியும். சில மென்பொருள்கள் நீளமானதைத் துண்டாக்கி அனுப்பும், அப்போது எதுவும் வெட்டுப்படாது, ஆனால் பின்னால் வருவதன் பிடி தளரும். ஃபிளக்ஸ் போன்ற பிந்தைய மாடல்கள் இன்னும் நீளமானதைத் தாங்கும்.

வெட்டுப்படுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: கடைசிக் கட்டத்தில் `black and white photograph` என்று போட்டுப் பாருங்கள். படம் கலராகவே வந்தால் உங்கள் வால் போய்ச் சேரவில்லை.

"ஆள் யாரும் வேண்டாம்"னு போட்டா ஆள் வந்து நிக்கறாங்களே!

ஆள் என்ற சொல்லைப் படித்துவிட்டது, வேண்டாம் என்பதைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஐந்து கட்டத்திலும் வேண்டாம் என்பதையே எழுதாதீர்கள். பொருள் கட்டத்தில் `empty kitchen` என்று நேராகச் சொல்லுங்கள். விலக்க வேண்டியதற்குக் கருவியே தனி இடம் வைத்திருந்தால் அங்கே போடுங்கள். மிட்ஜர்னியில் அது `--no people`, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் தனி நெகட்டிவ் பெட்டி. இதை ஆறாவது கட்டமாக்கச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது கருவியைப் பொறுத்தது, டெம்ப்ளேட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

சீட் நம்பரை ஒண்ணா வச்சும் கல்லை மாத்தினா அறையே மாறுது. பிறகு டெம்ப்ளேட் எதுக்கு?

சீட் என்பது ஒரு எண், மாடல் படத்தைத் தொடங்கும் ஒழுங்கற்ற புள்ளிக் குவியலான இரைச்சலை மட்டும் அது நிலைநிறுத்தும். மாடல், அமைப்புகள், பிராம்ப்ட் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அதே படம் திரும்ப வரும். பிராம்ப்ட்டில் ஒரு சொல் மாறினாலும் அந்த இரைச்சல் வேறு வழியில் தெளியும். மாற்றம் சின்னதாக இருந்தால் அறை ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஊதா சாம்பல் கல்லைக் கருப்பாக்குவது சின்ன மாற்றம். கிரானைட்டை மரமாக்குவது பெரிது, அலமாரி வடிவமே மாறலாம்.

அறை அசையவே கூடாது என்றால் சொற்களால் மட்டும் முடியாது. ஸ்கெட்ச்அப்பில் வரைந்த 3டி வடிவத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து, படத்தின் அமைப்பைப் பிடித்து நிறுத்தும் கண்ட்ரோல்நெட் போன்ற வழியில், எது கிட்ட எது தூரம் என்று காட்டும் ஆழப்படமாகவோ கோட்டுப்படமாகவோ கொடுங்கள். மேடை உயரம் 34 அங்குலம் என்று பிராம்ப்ட்டில் எழுதுவது வீண், மாடல் அளக்காது. அளவு அந்தக் காட்சியிலிருந்துதான் வர வேண்டும். அப்படிச் செய்யும்போது கேமரா கட்டத்தைச் சுருக்குங்கள். கோணத்தை ஆழப்படம் முடிவு செய்துவிட்டது, அதற்கு மாறாக 24 எம்எம் என்றும் கதவருகே என்றும் எழுதினால் இரண்டும் இழுபறி செய்து ஓரங்கள் குழம்பும். `interior photograph` மட்டும் போதும்.

ரெண்டு கட்டம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு தகவல் ஒரே கட்டத்தில் இருந்தால் சண்டை பெரும்பாலும் வராது. சமையலறை உதாரணத்தைப் பாருங்கள். ஜன்னல் இடப்பக்கம் என்பது பொருள் கட்டத்தில் மட்டும் இருக்கிறது, வெளிச்சத்தில் ஜன்னல் வழியாக என்றுதான் இருக்கிறது. வெளிச்சத்திலும் இடப்பக்கம் என்று எழுதியிருந்தால், அடுத்த வீட்டில் ஜன்னல் வலப்பக்கம் போகும்போது ஒருவர் பொருளை மட்டும் மாற்றிவிட்டு வெளிச்சத்தை மறந்துவிடுவார். படத்தில் இரண்டு ஜன்னல் வந்து நிற்கும்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். நாலு சீட்களைக் குறித்துவைத்து நாலு படம் எடுங்கள், பிறகு ஒரே ஒரு கட்டத்தை மாற்றி அதே சீட்களில் நாலு எடுங்கள். நீங்கள் மாற்றாத ஒன்று நாலிலும் மாறியிருந்தால் அங்கே இரண்டு கட்டம் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு படத்தில் மட்டும் மாறினால் அது தற்செயல், விட்டுவிடலாம்.

டெம்ப்ளேட் நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு படமெல்லாம் வேற மாதிரி வருதே?

நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் கருவி தன் மாடலை மாற்றியிருக்கும். இணையக் கருவிகளில் இது சாதாரணம். அதனால் ஷீட்டில் இன்னும் மூன்று நெடுவரிசை வையுங்கள்: மாடல் பெயரும் பதிப்பும், சீட், டெம்ப்ளேட் பதிப்பு. பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கக் கருவி விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அதிலேயே முடியுங்கள். புது மாடலுக்கு மேலே சொன்ன நாலு வெளிச்ச வாசகத்தையும் முதலில் சோதித்துவிட்டு டெம்ப்ளேட்டுக்குப் புதிய பதிப்பு எண் கொடுங்கள். பாதி வேலையில் மாடலை மாற்றினால், ஹாலும் சமையலறையும் வேறு வேறு வீடுகள் போல வரும்.

படத்துல இருக்கற கல்லுதான் வேணும்னு கஸ்டமர் நின்னா என்ன சொல்றது?

நிற்பார்கள். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படத்தில் உள்ள அலைக் கோடு எந்தக் குவாரியிலும் இல்லாதது. அதோடு ஒரே குவாரியின் இரண்டு பிளாக்குகள்கூட ஒன்றுபோல இருக்காது. படத்தின் மூலையில் கருத்துப் படம் என்று போடுங்கள். கல் தேர்வு யார்டில் ஸ்லாப்பை நேரில் பார்த்துத்தான் என்பதை மதிப்பீட்டுத் தாளிலும் எழுதுங்கள்.

அதைவிட நல்ல வழி வரிசையை மாற்றுவது. முதலில் அவரை யார்டுக்கு அழைத்துப் போய் ஸ்லாப்பைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அதை நிழலில் நேராக நின்று ஒரு படம் எடுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம், ஈரம் நிறத்தை ஆழமாக்கிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து மெட்டீரியல் கட்டத்தை எழுதுங்கள். கருவி குறிப்புப் படத்தை ஏற்றுக்கொண்டால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கோடு அச்சு அசலாக வராது, நிறம் கிட்ட வரும். மேடையின் கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை வெட்டும் ஆளிடம் ஸ்லாப்பிலேயே சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள், அந்த வேலைக்கு இந்தப் படம் உதவாது.